அந்த 4/π எங்கிருந்து வந்தது?

பள்ளி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அலை உருவாக்கி என்று ஒரு பெட்டி இருக்கும். அதை ஒரு சிறிய ஒலிபெருக்கியோடு இணைத்து, அதிர்வெண்ணை 440 ஹெர்ட்ஸில் வைத்து, சைன் அலைக்குரிய பொத்தானை அழுத்தினால், யாரோ மென்மையாக விசில் அடிப்பதுபோல் கேட்கும். வேறு எதையும் தொடாமல் சதுர அலைக்குரிய பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுருதி மாறாது. ஆனால் ஒலி கரகரப்பாகி, பழைய கையடக்க விளையாட்டுக் கருவியின் சத்தம்போல் காதில் குத்தும்.

ஒரே சுருதி, ஒரே உச்ச உயரம். பிறகு வேறுபாடு எங்கிருந்து வந்தது? பாடநூல்கள் இதற்குத் தயாராக ஒரு விடை வைத்திருக்கின்றன. சதுர அலை என்பது தனி அலை அன்று. பல சைன் அலைகளின் கூட்டுத்தொகை. அதை இப்படி எழுதுவார்கள்:

f(x) = (4/π) [ sin x + (sin 3x)/3 + (sin 5x)/5 + (sin 7x)/7 + … ]

இதை வெண்பலகையில் எழுதியபோது பின்வரிசை மாணவி ஒருவர் கேட்டார்: "சார், அலையோட உயரம் ஒன்னுதானே? அப்புறம் அந்த நாலும் பையும் எங்கிருந்து வந்துச்சு?"

நல்ல கேள்வி. 4/π என்பது ஏறத்தாழ 1.273. அதாவது சதுர அலையின் உயரம் 1 என்றால், அதற்குள் இருக்கும் முதல் சைன் அலையின் உயரம் அதைவிட அதிகம். ஒரு பெட்டிக்குள் பெட்டியைவிட உயரமான பொருள் இருப்பதுபோல் தோன்றுகிறது. இந்த எண்ணை யாரும் ஊகித்துச் சொல்லவில்லை. தொகையீட்டின் மூலம் கணக்கிட்டு எடுத்தார்கள். அந்தக் கணக்கு கடினமானதும் இல்லை. இண்டகிரேஷன் என்றால் வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பு என்று தெரிந்தால் போதும்.

கேள்வியைச் சரியாக அமைப்போம்

நம் சதுர அலை இதுதான். x என்பது 0 முதல் π வரை செல்லும்போது அலையின் மதிப்பு +1. π முதல் 2π வரை −1. பிறகு அதே வடிவம் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும். கோணங்கள் எல்லாம் ரேடியனில். 2π என்பது ஒரு முழுச் சுற்று.

இதைச் சைன் அலைகளின் கூட்டாக எழுத முடியும் என்று வைத்துக்கொள்வோம்:

f(x) = b₁ sin x + b₂ sin 2x + b₃ sin 3x + …

sin x ஒரு சுற்றில் ஒரு மேடும் ஒரு பள்ளமும் போடும். sin 2x அதே தூரத்தில் இரண்டு மேடு, இரண்டு பள்ளம். sin 3x மூன்று, மூன்று. b₁, b₂, b₃ என்பவை ஒவ்வோர் அலையும் எவ்வளவு உயரத்தோடு கலந்திருக்கிறது என்று சொல்லும் எண்கள். இவற்றைக் கெழுக்கள் என்கிறோம். நமக்குத் தெரியாதவை இவைதாம்.

கொசைன் அலைகளை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். நம் சதுர அலை தொடக்கப் புள்ளிக்கு வலப்பக்கம் +1 என்றால் இடப்பக்கம் −1. வலப்பக்கம் மேலே போனால் இடப்பக்கம் அதே அளவு கீழே போகும் இந்தக் குணம் சைனுக்கும் உண்டு, கொசைனுக்கு இல்லை. ஆகவே கொசைன் அலைகளுக்கு இங்கே வேலை இல்லை. மேலும், அலையின் சராசரி மதிப்பு சுழியம் என்பதால், தனி எண் எதையும் கூட்ட வேண்டியதில்லை.

முதலில் கண்ணால் பொருத்திப் பார்ப்போம்

b₁ எவ்வளவு இருக்கலாம்? உயரத்தைப் பார்த்தால் 1 என்று தோன்றும். சதுர அலையின் தட்டையான உச்சியைச் சைன் அலையின் மேடு சரியாகத் தொடும்.

பரப்பைப் பார்த்தால் வேறு விடை வரும். 0 முதல் π வரை சதுர அலைக்குக் கீழுள்ள பரப்பு π, அதாவது 3.14. அதே இடத்தில் சைன் மேட்டின் பரப்பு சரியாக 2. பரப்பைச் சமமாக்க வேண்டும் என்றால் சைன் அலையை π/2 மடங்கு, அதாவது 1.571 மடங்கு உயர்த்த வேண்டும்.

உயரத்தைக் கேட்டால் 1. பரப்பைக் கேட்டால் 1.571. சரியான விடை இரண்டும் இல்லை. கண்ணால் பொருத்துவதில் உள்ள சிக்கலே இதுதான். மற்ற அலைகள் என்ன செய்யப்போகின்றன என்று தெரியாமல் முதல் அலையை நிறுத்த முடியவில்லை. மற்றவற்றையோ முதல் அலை தெரியாமல் நிறுத்த முடியவில்லை. முடிவில்லாத எண்ணிக்கையில் தெரியாத எண்கள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றன.

வெப்பத்தைப் பற்றிய ஆய்வில் பிரெஞ்சு அறிஞர் ஜோசஃப் ஃபூரியே சந்தித்ததும் இதே சிக்கலைத்தான். மெல்லிய தகடு ஒன்றின் ஒரு முனையை ஒரே சூட்டில் வைத்து, இரு பக்கங்களையும் பனிக்கட்டிக் குளிரில் வைத்தால், உள்ளே வெப்பம் எப்படிப் பரவியிருக்கும் என்று அவர் கணக்கிட்டார். அதற்கு, மாறாத மதிப்பு 1 என்பதைக் கொசைன் அலைகளின் கூட்டாக எழுத வேண்டியிருந்தது. அது நம் சதுர அலைதான். கால் சுற்று நகர்த்தி வைத்தது, அவ்வளவே.

தம் நூலில் அவர் முதலில் காட்டும் வழி நீளமானது. முடிவில்லாத எண்ணிக்கையில் சமன்பாடுகளை எழுதி, தெரியாத எண்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகிறார். கடைசியில் முதல் கெழு முடிவில்லாத பெருக்கலாக வந்து நிற்கிறது:

b₁ = (9/8) × (25/24) × (49/48) × …

இந்தப் பெருக்கலின் மதிப்பு 4/π என்பது, ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1656ஆம் ஆண்டில் வெளியிட்ட π பற்றிய வாய்ப்பாட்டிலிருந்து கிடைக்கிறது. விடை சரிதான். ஆனால் அலையின் வடிவம் மாறும் ஒவ்வொரு முறையும் இவ்வளவு தூரம் நடக்க முடியாது. அதே நூலில் ஃபூரியே குறுக்கு வழியையும் தருகிறார். இன்று நாம் பயன்படுத்துவது அதைத்தான்.

ஒன்றை மட்டும் பிடிக்கும் சல்லடை

குறுக்கு வழியின் உயிர்நாடி இதுதான்: இரண்டு சைன் அலைகளைப் பெருக்கி, ஒரு முழுச் சுற்றுக்கு அதன் பரப்பைப் பாருங்கள். x அச்சுக்கு மேலே உள்ள பரப்பு கூட்டல். கீழே உள்ளது கழித்தல்.

sin x-ஐ sin x-ஆலேயே பெருக்கினால் வருவது sin² x. வர்க்கம் என்பதால் அது ஒருபோதும் கீழே இறங்காது. 0-க்கும் 1-க்கும் இடையில் சமமாக ஏறி இறங்குவதால் அதன் சராசரி 1/2. சுற்றின் நீளம் 2π. ஆகவே பரப்பு 2π × 1/2 = π.

sin x-ஐ sin 2x-ஆல் பெருக்கினால் நிலைமை வேறு. சில இடங்களில் இரண்டும் ஒரே திசையில் இருக்கும். பெருக்கல் மேலே வரும். சில இடங்களில் எதிரெதிராக இருக்கும். பெருக்கல் கீழே போகும். ஒரு முழுச் சுற்றில் மேலே வந்ததும் கீழே போனதும் சமமாகி, பரப்பு சுழியமாகிவிடும்.

இது இந்த இரண்டு அலைகளுக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் இல்லை. கூடுதல் கணிதத்தில் படிக்கும் cos(A − B), cos(A + B) வாய்ப்பாடுகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இது கிடைக்கும்:

sin mx · sin nx = ½ [ cos (m − n)x − cos (m + n)x ]

m, n இரண்டும் வெவ்வேறு முழு எண்கள் என்றால் வலப்பக்கத்தில் இருப்பவை இரண்டும் சாதாரணக் கொசைன் அலைகள். ஒரு சுற்றுக்குள் அவை முழு எண்ணிக்கையில் மேடும் பள்ளமும் போட்டு முடித்துவிடும், பரப்பு சுழியம். m, n இரண்டும் ஒரே எண் என்றால் மட்டும் cos 0 = 1 என்று ஒரு நிலையான துண்டு மிஞ்சும். அதன் பரப்புதான் நாம் மேலே கண்ட π.

ஆக, நம்மிடம் ஒரு சல்லடை இருக்கிறது. கலந்து கிடக்கும் அலைகள் முழுவதையும் sin 3x-ஆல் பெருக்கிப் பரப்பைப் பார்த்தால், sin x, sin 2x, sin 4x எல்லாம் சுழியமாகி விழுந்துவிடும். sin 3x மட்டும் b₃ × π என்ற பரப்போடு தங்கும். பொதுவாக எழுதினால்:

∫ f(x) sin nx dx = π · bₙ  (0 முதல் 2π வரை)

bₙ = (1/π) ∫ f(x) sin nx dx

பின்னிக் கிடந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. b₃ வேண்டும் என்றால் b₁ என்ன, b₂ என்ன என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நாளை நூறாவது அலையைச் சேர்த்தாலும் முன்பு கண்டுபிடித்த b₃ மாறாது.

இனி, கணக்கைப் போடுவோம்

நம் சதுர அலை முதல் பாதியில் +1, இரண்டாம் பாதியில் −1. ஆகவே தொகையீட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும். sin nx-ஐத் தொகையிட்டால் −(cos nx)/n வரும்.

முதல் பாதி, 0 முதல் π வரை:

∫ sin nx dx = (1 − cos nπ)/n

இரண்டாம் பாதி, π முதல் 2π வரை. cos 2nπ எப்போதும் 1. ஆகவே sin nx-இன் பரப்பு −(1 − cos nπ)/n. ஆனால் அங்கே சதுர அலையின் மதிப்பு −1. கழித்தலும் கழித்தலும் சேர்ந்து கூட்டலாகி, முதல் பாதியின் அதே மதிப்பு மீண்டும் கிடைக்கிறது. இரண்டையும் கூட்டி π-ஆல் வகுத்தால்:

bₙ = 2(1 − cos nπ)/(nπ)

இப்போது cos nπ. n ஒற்றைப்படை எண் என்றால் அது −1. இரட்டைப்படை எண் என்றால் +1. எனவே,

n ஒற்றைப்படை: bₙ = 4/(nπ)
n இரட்டைப்படை: bₙ = 0

விடை வந்துவிட்டது. ஆனால் மாணவி கேட்டது "எங்கிருந்து வந்தது" என்று. குறியீடுகளை ஒதுக்கிவிட்டுப் படமாகப் பார்த்தால் அதற்கும் பதில் கிடைக்கும்.

முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சதுர அலையின் மதிப்பு 1 என்பதால், பெருக்கி வருவது sin nx மட்டுமே. sin 2x அந்தப் பாதிக்குள் ஒரு மேடும் ஒரு பள்ளமும் போடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மிச்சம் எதுவும் இல்லை. sin 3x அதே இடத்தில் மேடு, பள்ளம், மேடு என்று மூன்று போடுகிறது. ஒரு மேடும் பள்ளமும் அழிந்துபோக, ஒரு மேடு மிஞ்சும். sin 5x-இல் மூன்று மேடு, இரண்டு பள்ளம்; அங்கும் மிஞ்சுவது ஒன்றே. ஒற்றைப்படை என்றால் எப்போதும் ஒரு மேடு மிஞ்சும். இரட்டைப்படை என்றால் எதுவும் மிஞ்சாது.

சாதாரணச் சைன் மேட்டின் பரப்பு 2. sin 3x-இன் மேடு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, பரப்பு 2/3. பொதுவாக 2/n. பாதிக்கு ஒரு மேடு என்றால் முழுச் சுற்றுக்கு இரண்டு மேடு, மொத்தம் 4/n. இதைச் சல்லடை தரும் π-ஆல் வகுத்தால் 4/(nπ).

ஆக, அந்த 4 என்பது பரப்பு 2 உள்ள மேடுகள் இரண்டு. அந்த π என்பது sin² x-இன் பரப்பு. n என்பது மேடு எத்தனை மடங்கு ஒடுங்கியது என்ற கணக்கு. வேறு மர்மம் எதுவும் இல்லை.

உயரம் 1.273 ஆனதற்கும் இப்போது பொருள் புரியும். சதுர அலையின் தோள்பட்டைகளை நிரப்ப வேண்டும் என்பதற்காக முதல் அலை நடுவில் கொஞ்சம் அதிகமாகவே எழும்புகிறது. நடுவில் எழும்பிய மிகுதியைக் குறைக்கும் வேலை sin 3x-உடையது. நடுப்புள்ளியில் அது பள்ளத்தில் இருக்கிறது அல்லவா? அங்கே உயரத்தைக் குறைத்து, இரு பக்கத் தோள்களிலும் ஏற்றிவிடுகிறது.

விடை சரிதானா?

நடுப்புள்ளியான x = π/2-இல் சோதிப்போம். அங்கே sin x = 1, sin 3x = −1, sin 5x = 1 என்று மாறி மாறி வரும். சதுர அலையின் மதிப்பு 1. ஒவ்வோர் அலையாகச் சேர்த்துக்கொண்டு போனால்:

ஓர் அலை: 1.273
இரண்டு: 0.849
மூன்று: 1.103
நான்கு: 0.922
ஐந்து: 1.063

1-க்கு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே நெருங்குகிறது. முடிவில் சரியாக 1 ஆக வேண்டும் என்றால் 1 − 1/3 + 1/5 − 1/7 + … என்பது π/4-ஆக இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் இது லைப்னிட்ஸின் பெயரால் வழங்குகிறது; அவருக்கு முன்பே கேரளத்துக் கணித அறிஞர் மாதவன் கண்ட தொடர் இது. வேறொரு வழியில் வந்த விடை நம் விடையோடு ஒத்துப்போகிறது.

ஆனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி ஏமாந்துவிடக்கூடாது. இந்தக் கணக்கில் மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு, cos nπ எப்போதும் −1 என்று எழுதிவிடுவது. cos π = −1 என்பது மனத்தில் பதிந்துபோனதால் வரும் தவறு இது. அப்படி எழுதினால் இரட்டைப்படை அலைகளுக்கும் 4/(nπ) வந்துவிடும். இந்தத் தவறான விடையை π/2-இல் சோதித்தால் என்ன ஆகும்? அங்கே sin 2x, sin 4x எல்லாமே சுழியம். தவறான அலைகள் அந்த இடத்தில் கண்ணுக்கே தெரியாது. சோதனை "சரி" என்று சொல்லிவிடும்.

அதனால் π/4-இலும் ஒருமுறை சோதிக்க வேண்டும். சரியான விடையில் ஐந்து அலைகளைச் சேர்த்தால் 0.992 வரும். தவறான விடையோ, அலைகளைச் சேர்க்கச் சேர்க்க 1.5-ஐ நோக்கிப் போகும். வரைந்து பார்த்தால் அது சதுர அலையே இல்லை; 2-இலிருந்து −2 வரை சாய்ந்து இறங்கி, சட்டென்று மேலே குதிக்கும் ரம்பப்பல் அலை. ஒரு சிறு குறித் தவறு, வேறோர் அலையையே உருவாக்கிவிட்டது.

இன்னொரு தவறு, தொகையீட்டை இரண்டாகப் பிரிக்காமல் 0 முதல் 2π வரை ஒரேயடியாகப் போடுவது. அப்போது எல்லாக் கெழுக்களும் சுழியமாகிவிடும். அப்படி வந்தால், அலை இரண்டாம் பாதியில் குறி மாறுவதை மறந்துவிட்டோம் என்று பொருள்.

மின்னணுச் சுற்றுகளில் வரும் சதுர அலை பெரும்பாலும் +1, −1 என்று இருக்காது. 0 வோல்ட், 5 வோல்ட் என்று இருக்கும். அதற்குப் புதிதாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. அது 2.5 வோல்ட் மேலே தூக்கி வைக்கப்பட்ட, 2.5 உயரமுள்ள சதுர அலை. ஆகவே முன்னால் 2.5 என்ற தனி எண் வரும், கெழுக்கள் 2.5 மடங்காகும். முதல் அலையின் உயரம் 3.18 வோல்ட், மூன்றாவதன் உயரம் 1.06 வோல்ட். தனி எண்ணை மறந்தால், கூட்டிய அலை 0-க்கும் 5-க்கும் இடையில் நிற்காமல் −2.5-க்கும் +2.5-க்கும் இடையில் ஆடும். தவறு உடனே தெரிந்துவிடும்.

மூலையில் அடங்காத முனை

வளைவாகவே போகும் சைன் அலைகளைக் கூட்டிக் கூர்மையான மூலையைச் செய்ய முடியுமா? 1807ஆம் ஆண்டில் ஃபூரியே தம் ஆய்வைப் பாரிஸில் முன்வைத்தபோது, அதை ஆராய்ந்த குழுவில் இருந்த லக்ராஞ்ச் இதை ஏற்கவில்லை. அந்தக் காலத்தின் மிகப்பெரிய கணித அறிஞர்களில் அவர் ஒருவர். ஃபூரியேயின் நூல் வெளிவர 1822 வரை ஆனது. முடிவில்லாத தொடரை இப்படிக் கையாளலாமா, அது உண்மையிலேயே அந்த அலையை நோக்கிப் போகிறதா என்பதற்கு உறுதியான நிபந்தனைகளை 1829இல் டிரிஷ்லே நிறுவினார்.

லக்ராஞ்ச் தயங்கியது வெறும் பிடிவாதம் இல்லை. மூலையில் உண்மையிலேயே விசித்திரமான ஒன்று நடக்கிறது.

முதலில், x = 0 என்ற இடத்தைப் பாருங்கள். சதுர அலை அங்கே −1-இலிருந்து +1-க்குத் தாவுகிறது. நம் தொடரில் x = 0 என்று இட்டால் எல்லாச் சைன்களும் சுழியம்; விடையும் சுழியம். தாவலின் சரியான நடுப்புள்ளி அது. எத்தனை அலைகளைச் சேர்த்தாலும் இது மாறாது.

அடுத்து, தாவலுக்கு ஒட்டிய இடம். ஐந்து அலைகளைச் சேர்த்து வரைந்தால், 0-ஐ விட்டுக் கிளம்பிய வளைகோடு 1-இல் நிற்காமல், 18 பாகையில் 1.182 வரை எழும்பிவிட்டுத்தான் இறங்குகிறது. இன்னும் பல அலைகளைச் சேர்த்தால் இந்த முனை அடங்கிவிடும் என்று நினைப்போம். அடங்காது. அலைகள் கூடக்கூட முனை மூலையை நெருங்கும். மேலும் மேலும் ஒடுங்கும். ஆனால் அதன் உயரம் 1.179-க்குக் கீழே இறங்காது. தாவலின் மொத்த உயரம் 2 என்பதால், இது தாவலில் ஏறத்தாழ 9 விழுக்காடு.

இதை ஆங்கிலேயரான ஹென்றி வில்பிரகாம் 1848ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை. அமெரிக்க இயற்பியலாளர் மைக்கல்சன் 1898இல், தாவும் இடத்தில் இத்தகைய தொடர்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்ற கேள்வியை 'நேச்சர்' இதழில் எழுப்பினார். அதே இதழில் 1899இல் கிப்ஸ் விளக்கம் தந்தார். இன்று இது கிப்ஸ் நிகழ்வு என்று அவர் பெயரால் வழங்குகிறது.

அப்படியானால் நம் தொடர் தவறா? இல்லை. மூலையைத் தவிர வேறு எந்தப் புள்ளியை நீங்கள் தேர்ந்தெடுத்தாலும், போதுமான அலைகளைச் சேர்த்தால் அந்த முனை உங்கள் புள்ளியைத் தாண்டி மூலைப்பக்கம் போய்விடும். உங்கள் இடத்தில் மதிப்பு 1-ஐ நெருங்கும். ஒவ்வொரு புள்ளியிலும் சரியாகும். ஆனால் எல்லாப் புள்ளிகளிலும் ஒரே சமயத்தில் சரியாகாது. தொடரை இடையில் வெட்டி நிறுத்துகிறவர்கள், மூலையில் இந்த முனை இருக்கும் என்று தெரிந்தே நிறுத்த வேண்டும்.

மீண்டும் ஒலிபெருக்கிக்கு

இப்போது தொடக்கத்தில் கேட்ட ஒலிக்கு வருவோம். 440 ஹெர்ட்ஸ் சதுர அலை என்றால், 440 ஹெர்ட்ஸ் சைன் அலையோடு, அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் 1320 ஹெர்ட்ஸ், ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் 2200 ஹெர்ட்ஸ், ஏழில் ஒரு பங்கு உயரத்தில் 3080 ஹெர்ட்ஸ் என்று மற்றவையும் சேர்ந்தே ஒலிக்கின்றன. காதில் குத்தியவை அந்த உயர்ந்த அதிர்வெண்கள்தாம். சுருதி மாறாததற்குக் காரணம், முதல் அலை 440-இலேயே இருப்பது.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அலை உருவாக்கியை 8000 ஹெர்ட்ஸுக்கு உயர்த்துங்கள். ஒலியளவைக் குறைத்தே வையுங்கள். இப்போது சதுர அலையின் அடுத்த கூறு 24,000 ஹெர்ட்ஸ். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. ஆகவே சைனுக்கும் சதுரத்துக்கும் பொத்தானை மாற்றினாலும் கரகரப்பு வரக்கூடாது. 440-இல் அவ்வளவு வேறுபட்டு ஒலித்த இரண்டும் இங்கே ஒரே மாதிரியாகக் கேட்க வேண்டும். கைத்தொலைபேசிச் செயலிகளில் இதைச் செய்தால் ஏமாற்றமாக முடியலாம். அவை ஒலியை எண்களாக வெட்டி உருவாக்குவதால், கேட்காத கூறுகள் சில, கேட்கும் எல்லைக்குள் மடிந்து விழுந்துவிடும். ஆய்வுக்கூடப் பெட்டியே நல்லது.

ஆனால் சைனிலிருந்து சதுரத்துக்கு மாற்றும்போது காதைத் தீட்டிக் கேட்டால் ஒரு சிறு வேறுபாடு இருக்கும். இரண்டின் உச்ச உயரத்தையும் சமமாக வைத்திருந்தாலும், சதுர அலை சற்றே உரக்கக் கேட்கும். காதுக்கு எட்டுவது சதுர அலையின் முதல் கூறு மட்டும். அதன் உயரம் சைன் அலையின் உயரத்தைப்போல் 1.273 மடங்கு.

அந்த மாணவி கேட்ட 4/π அதுதான்.